14 ஸ்பேனர் நுழைய மாட்டேங்குது, 15 ஆடுது: இது என்ன நட்டு?

கரிசல்காடு எழுதியது:

வணக்கம். அப்பா காலத்து மாஸே டிராக்டர் ஒண்ணு வீட்டுல நிக்கி. என்ஜின் பக்கவாட்டுல ஒரு மூடி, அதுல ஆறு ஸ்டட். ஒரு நட்டு எங்கேயோ கழண்டு விழுந்துட்டு, அந்த வழியா ஆயில் கசியுது. மிச்சம் அஞ்சையும் கழட்டி பேக்கிங் மாத்தலாம்னு உக்காந்தேன்.

என்கிட்ட 6ல இருந்து 32 வரை முழு செட் ஸ்பேனர் இருக்கு. 14 நுழையவே மாட்டேங்குது. 15 போட்டா கடகடன்னு ஆடுது. வெர்னியர் வச்சுப் பார்த்தேன், பட்டைக்குப் பட்டை 14.4 வருது. 14.4ன்னு ஒரு ஸ்பேனர் உண்டா? பக்கத்துல இன்னொரு இடத்துல பெரிய நட்டு, அது 18.9. அதுக்கு 19 சரியா உக்காருது. ஒரே வண்டியில ஒண்ணு பொருந்துது, ஒண்ணு பொருந்தல. எனக்கு ஒண்ணும் விளங்கல.

நூல்கணக்கு எழுதியது:

அண்ணே, இது இஞ்ச் நட்டு. 32 வருஷமா ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். உங்களுது 3 நூல் போல்ட்டு. 3 நூல் போல்ட்டுக்கு 3 நூல் ஸ்பேனர். கடையில போய் 3/8ன்னு கேளுங்க, முடிஞ்சது.

கரிசல்காடு எழுதியது:

3/8ன்னா 9.5 எம்.எம்.தானே வரும்? நட்டு 14க்கு மேல இருக்கே அண்ணாச்சி. 9.5 வாய்க்குள்ள எப்படி நுழையும்?

ரெண்டாம் ஷிப்ட் எழுதியது:

நூல்கணக்கு சார் சொன்னதுல பாதி சரி. போல்ட்டு 3/8தான்னு எனக்கும் தோணுது. ஆனா ஸ்பேனர் 3/8 இல்லை. இப்ப கடையில கிடைக்கிற இஞ்ச் ஸ்பேனர்ல அடிச்சிருக்கிற நம்பர், ஸ்பேனர் வாயோட அகலம். போல்ட்டோட தடிமன் இல்லை. 3/8 போல்ட்டோட நட்டு பட்டைக்குப் பட்டை 9/16 இஞ்ச். 25.4ஆல பெருக்கினா 14.29 எம்.எம்.

ஆனா நீங்க 14.4ன்னு சொல்றது இடிக்குது. நட்டுக்குன்னு ஒரு குணம் இருக்கு: தன் பேருக்கு மேல போகவே போகாது, கீழேதான் இறங்கும். 9/16 நட்டுன்னா 14.29தான் உச்சம், கீழே சுமார் 13.99 வரைக்கும் விடுவாங்க. 13 எம்.எம். நட்டுன்னா 13.00ல இருந்து 12.73 வரை. ஸ்பேனர் வாய் இதுக்கு நேர் எதிர், தன் பேரை விடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ரெண்டும் சந்திக்கிறது நடுவுல. அதனால வெர்னியர்ல வந்த நம்பரைப் பக்கத்துல இருக்கிற முழு எண்ணுக்கு இழுக்காதீங்க. அந்த நம்பருக்கு உடனே மேல என்ன சைஸ் இருக்குன்னு பாருங்க.

14.4 அப்படியே நிஜம்னா 9/16ம் இல்லை. நட்டு மேல பெயிண்ட் இருக்கா?

கரிசல்காடு எழுதியது:

ஆமா தம்பி. அப்பா ரெண்டு மூணு தடவை சிவப்பு பெயிண்ட் அடிச்சிருக்காரு. அதோட கிரீஸ், மண்ணு எல்லாம் காஞ்சு கெடக்கு.

பழைய பிட்டர் எழுதியது:

கரிசல்காடு தம்பி, முதல்ல கம்பி பிரஷ் போட்டு நல்லா சுரண்டுங்க. பெயிண்ட் ரெண்டு பக்கமும் சேர்ந்து கால் எம்.எம். சர்வசாதாரணமா ஏறிக்கும்ங்க.

அப்புறம் அளக்கறதுல ஒரு சூட்சுமம் இருக்குது. நட்டுல மூணு ஜோடிப் பட்டை. மூணையும் தனித்தனியா அளக்கோணும். ஒவ்வொரு ஜோடியிலயும் வெர்னியரை இப்படியும் அப்படியும் லேசா ஆட்டிப் பாருங்க. சாய்ஞ்சு உக்காந்தா நம்பர் கூடத்தான் காட்டும், குறையவே குறையாது. அதனால ஆட்டும்போது வர்ற சின்ன நம்பர்தான் அந்த ஜோடிக்கு நிஜம். மூணு ஜோடிக்கும் இப்படி எடுத்துட்டு, அந்த மூணுல பெரிசை எடுத்துக்கோங்க. ஏன்னா யாரோ முன்னாடி தப்பான ஸ்பேனர் போட்டுத் தேய்ச்ச ஜோடி குறைச்சலாத்தான் காட்டும். முனை கிட்ட அளக்காதீங்க, பட்டையோட நடுவுல அளங்க.

ஸ்டட் ஒண்ணு மொட்டையா நிக்குதுன்னு சொன்னீங்க. நட்டு விழுந்ததும் ஒரு வகையில நல்லதுதான். அந்த ஸ்டட்டோட வெளி விட்டத்தையும் அளங்க. பத்து மரைக்கு எத்தனை எம்.எம்.ன்னும் பாருங்க. அந்த மூணு நம்பரும் வந்தா என்ன நட்டுன்னு சொல்லிரலாம்.

ட்ரெட்மில் வாங்கியவள் எழுதியது:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கும் இதே பிரச்சினைதான்னு நினைக்கிறேன். பெட்டியில வந்த ட்ரெட்மில்லை நானே மாட்டலாம்னு பார்த்தா, காகிதத்துல எம்8 போல்ட் 4, எம்6 போல்ட் 6ன்னு போட்டிருக்கு. கூட வரவேண்டிய ஸ்பேனர் பெட்டியில இல்லை. நேத்து கடைக்குப் போய் 8ம் நம்பரும் 6ம் நம்பரும் வாங்கிட்டு வந்தேன். ரெண்டுமே நட்டுல நுழையலை. எனக்கும் இஞ்ச் போல்ட்டுதான் அனுப்பிட்டாங்களா?

ரெண்டாம் ஷிப்ட் எழுதியது:

இல்லக்கா, உங்களுது சுத்தமான மெட்ரிக்தான். எம்8ல 8ங்கிறது மரை போட்டிருக்கிற தண்டோட விட்டம். ஸ்பேனர் பிடிக்கிறது தலையை. எம்6க்கு 10, எம்8க்கு 13. இந்த ரெண்டையும் வாங்கிக்குங்க. 8ம் நம்பர் வீணாகாது, எம்5 போல்ட்டுக்கு வரும்.

ரெண்டுசக்கரம் எழுதியது:

எம்8க்கு 13ன்னு கண்ணை மூடிக்கிட்டு வாங்க வேண்டாம். ஜப்பான் டிசைன் பைக்ல பெரும்பாலும் எம்8க்கு 12தான். எம்10க்கு 14, எம்12க்கு 17. ஐரோப்பாக்காரன் வழியில எம்10க்கு 17, எம்12க்கு 19ன்னு இருந்தது. பிறகு ஐ.எஸ்.ஓ. வந்து அதையே 16, 18ன்னு மாத்திட்டான். எங்க பட்டறையில எம்10க்கு 14ம் இருக்கு, 16ம் இருக்கு, 17ம் இருக்கு. ஒரே மரை, மூணு தலை. போல்ட்டு சைஸை வச்சு ஸ்பேனர் சொன்னா என்னைக்காவது மாட்டிக்குவீங்க. அக்கா, கையில ஸ்கேல் இருந்தா நட்டையே அளந்துட்டுப் போங்க. 12க்கும் 13க்கும் வித்தியாசம் ஸ்கேல்லயே தெரியும்.

நூல்கணக்கு எழுதியது:

எல்லாரும் சேர்ந்து என்னைத் தப்புங்கறீங்க. எங்க அப்பா வச்சிருந்த பழைய ஸ்பேனர் இன்னும் கடையில தொங்குது. அதுல 3/8ன்னு அடிச்சிருக்கு. 3/8 போல்ட்டுல கச்சிதமா உக்காரும். பொய்யா சொல்றேன்?

பழைய பிட்டர் எழுதியது:

பொய் இல்லீங்க. அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க, 3/8 பக்கத்துல டபிள்யூன்னு ஒரு எழுத்து இருக்கோணும். அது விட்வொர்த் ஸ்பேனர். ஜோசப் விட்வொர்த்னு இங்கிலாந்துக்காரர், 1841ல மரைக்கெல்லாம் ஒரே அளவுன்னு கொண்டுவந்தவரு. அந்த முறையில ஸ்பேனருக்குப் போல்ட்டோட விட்டத்தைத்தான் பேரா அடிப்பாங்க. உங்க அப்பா சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி.

நான் மில்லுல பிட்டரா 34 வருஷம் இருந்தேன்ங்க. இங்கிலாந்துல இருந்து வந்த பழைய ஸ்பின்னிங் மிஷின் பூராவும் விட்வொர்த்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஹெட் பிட்டர், "கால் இஞ்ச் ஸ்பேனர் எடுத்தா"ன்னாரு. நான் ஸ்கேலை வச்சு வாயை அளந்து அளந்து பார்க்கறேன், கால் இஞ்ச் வாயுள்ள ஸ்பேனரே இல்லை. கடைசியா அவரே வந்து ஒண்ணை எடுத்தாரு. அதோட வாய் அரை இஞ்ச்சுக்கும் மேல! 0.525 இஞ்ச், எம்.எம்.ல 13.3. இப்ப இருக்கிற அரை இஞ்ச் ஸ்பேனர், வாய் அகலத்தைப் பேரா அடிக்கிற ஏ.எஃப். வகை, 12.7. அதாவது "கால்"னு அடிச்சது "அரை"ன்னு அடிச்சதை விடப் பெரிசு. எல்லாரும் சிரிச்சாங்க.

நூல்கணக்கு சார் வச்சிருக்கிற 3/8 டபிள்யூ வாய் 18 எம்.எம். சொச்சம் இருக்கும். கரிசல்காடு தம்பி அதை வாங்கிட்டுப் போயி 14 நட்டுல மாட்டினா சும்மாவே சுத்தும்.

நூல்கணக்கு எழுதியது:

இப்பதான் எடுத்துப் பார்த்தேன். டபிள்யூ இருக்கு. அது கம்பெனி பேரோட எழுத்துன்னு இத்தனை வருஷம் நினைச்சிட்டிருந்தேன். அது பக்கத்துலயே 7/16 பி.எஸ்.ன்னும் இருக்கே, அது என்ன?

பழைய பிட்டர் எழுதியது:

அதே நாட்டுல பொடி மரைன்னு ஒண்ணு, பி.எஸ்.எஃப். அதுக்குத் தலை ஒரு சைஸ் சின்னது. அதனால 3/8 விட்வொர்த் தலையும் 7/16 பி.எஸ்.எஃப். தலையும் ஒண்ணு. ஒரே வாய்க்கு ரெண்டு பேர். ரெண்டாம் உலக யுத்தத்துல இரும்பை மிச்சம் பிடிக்க விட்வொர்த் தலையையும் ஒரு சைஸ் குறைச்சுட்டாங்க. அதனால 3/8 விட்வொர்த் போல்ட்டுலயே பழைய தலை 18, புதுத் தலை 15.2ன்னு ரெண்டு வகை கெடக்கும். இதெல்லாம் டிராக்டருக்கு வேண்டாம், விடுங்க.

புல்லட் பித்தன் எழுதியது:

விடாதீங்க ஐயா, எனக்கு வேணும்! என்கிட்ட இருக்கிறது பழைய புல்லட். அதுல நிறைய நட்டு 13.3தான் வருது. 13 நுழையலை, 14 போட்டு மூணு நட்டை உருண்டையாக்கிட்டேன். மெக்கானிக் எல்லாரும் ஸ்க்ரூ ஸ்பேனர் போட்டுத்தான் கழட்டுறாங்க. இவ்வளவு நாள் இது தேய்ஞ்சு போன 14ன்னு நினைச்சிட்டிருந்தேன். அப்ப இது அந்த கால் டபிள்யூவா?

பழைய பிட்டர் எழுதியது:

சந்தேகமே வேண்டாம்ங்க. 1/4 டபிள்யூ, 5/16 பி.எஸ்.ன்னு ரெண்டு பேரும் சேர்த்து அடிச்ச ரிங் ஸ்பேனர் தேடுங்க. பழைய இரும்புக் கடையில கிடைச்சா விட்றாதீங்க. ஆனா மரை விட்வொர்த்னு நினைச்சு நட்டு வாங்கிராதீங்க. அந்த வண்டியில சைக்கிள் மரையும் கலந்து வரும். தலை அளவு ஒண்ணா இருந்தா மரையும் ஒண்ணுன்னு அர்த்தம் இல்லை.

கரிசல்காடு எழுதியது:

சுரண்டிட்டு அளந்தேன் ஐயா. நீங்க சொன்ன மாதிரியே ஒரு நட்டுல மூணு ஜோடி: 14.1, 14.15, 13.8. அந்த 13.8 பக்கம் முனை மழுங்கி இருக்கு. பெரிசு எடுத்தா 14.15.

மொட்டை ஸ்டட் வெளி விட்டம் 9.4. பத்து மரை எண்ணி அளந்தேன், 9.5 எம்.எம். அப்ப ஒரு மரைக்கு 0.95, கிட்டத்தட்ட 1. கூட்டாளி ஒருத்தன் இது எம்10, ஒரு எம்.எம். பொடி மரைன்னு அடிச்சுச் சொல்லுதான். அவன் ஒரு நட்டும் வாங்கிட்டு வந்துட்டான். ரெண்டு சுத்து ஏறிச்சு, அப்புறம் பிடிச்சுக்கிட்டு. கொஞ்சம் பலம் போட்டா ஏறிரும்னு நினைக்கேன்.

ரெண்டாம் ஷிப்ட் எழுதியது:

பலம் போடாதீங்க!! அதைக் கையாலயே பின்னாடி சுத்தி எடுத்துருங்க.

முதல்ல எண்ணிக்கை. பத்து மரை எண்ணினேன்னு சொன்னீங்க. முதல் மரையோட உச்சியில இருந்து பத்தாவது மரையோட உச்சி வரை அளந்தீங்களா? அப்படின்னா நடுவுல இருக்கிறது ஒன்பது இடைவெளிதான். 9.5ஐ ஒன்பதால வகுங்க, 1.056 வரும். எல்லாரும் செய்யிற தப்புதான், நானும் டிரெய்னிங்ல செஞ்சு திட்டு வாங்கியிருக்கேன். உச்சியில வச்சு ஒண்ணுன்னு எண்ணாம பூஜ்யம்னு ஆரம்பிங்க, அப்பத் தப்பாது.

இஞ்ச்சுக்கு 24 மரைன்னா ஒரு மரைக்கு 1.058. உங்க 1.056 அதுதான். ரெண்டாவது, எம்10 ஸ்டட்னா வெளி விட்டம் 9.8க்குக் குறையாது. உங்களுது 9.4. 3/8 இஞ்ச் 9.525, பழசு தேய்ஞ்சு 9.4. மூணாவது, 14.15 தலை. 14 எம்.எம். நட்டு 14.00ஐத் தாண்டாது, 9/16 நட்டு 13.99ல இருந்து 14.29 வரை. மூணும் ஒரே இடத்துல வந்து நிக்குது: 3/8 இஞ்ச் யு.என்.எஃப்.ங்கிற பொடி மரை, இஞ்ச்சுக்கு 24, ஸ்பேனர் 9/16 ஏ.எஃப்.

கூட்டாளி வாங்கின எம்10 ஏன் ரெண்டு சுத்து ஏறிச்சுன்னு பாருங்க. நட்டோட துளை கொஞ்சம் பெரிசு, அதனால உள்ளே போகும். ஒரு சுத்துக்கு 0.06 எம்.எம். தள்ளிப் போகுது. முதல் சுத்துல உறைக்காது. மூணு நாலு சுத்துல மரையோட சரிவு ஒண்ணுல ஒண்ணு இடிச்சுரும். அதுக்கு மேல ஏறினா அது மரையில ஏறல, வெட்டிக்கிட்டுப் போகுது.

கரிசல்காடு எழுதியது:

தம்பி, ஒன்பது இடைவெளிதான் எண்ணியிருக்கேன். இப்ப 0ல ஆரம்பிச்சு எண்ணினேன், 10.6 வந்துட்டு. எம்10ஐ எடுத்துட்டேன்.

அப்ப அந்தப் பெரிய நட்டு 18.9? அதுக்கு 19 சும்மா ஜம்முனு உக்காருதே. அது மட்டும் மெட்ரிக்கா?

ரெண்டாம் ஷிப்ட் எழுதியது:

அதுதான் வேடிக்கை. 3/4 இஞ்ச் 19.05 எம்.எம். 19 எம்.எம். ஸ்பேனர் வாய் சாதாரணமாவே 19க்குக் கொஞ்சம் மேல இருக்கும். 3/4 நட்டு 19.05ல இருந்து 18.7 வரைக்கும் வரும். அதனால ரெண்டுக்கும் ஒரே ஸ்பேனர் போதும். தலையை மட்டும் அளந்து இது இஞ்ச்சா மெட்ரிக்கான்னு உங்களால மட்டும் இல்லை, யாராலயும் சொல்ல முடியாது. இதே மாதிரி 5/16ம் 8ம், 7/16ம் 11ம், 5/8ம் 16ம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகும்.

கழட்ட மட்டும்னா கவலை இல்லை. நட்டு மாத்தணும்னா ஸ்டட் விட்டத்தைப் பாருங்க. 12.6 கிட்ட வந்தா அரை இஞ்ச், 11.9 கிட்ட வந்தா எம்12. இங்க மரையை நம்பாதீங்க. அரை இஞ்ச் பொடி மரை இஞ்ச்சுக்கு 20, பத்து மரைக்கு 12.7. எம்12ல 1.25 மரை இருந்தா பத்துக்கு 12.5. ஸ்கேல் வச்சு இந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது.

ரெண்டுசக்கரம் எழுதியது:

தலையில 8.8ன்னோ 10.9ன்னோ அடிச்சிருந்தா அது மெட்ரிக் போல்ட்டு, அளக்கவே வேண்டாம். ஸ்டட்டுக்குத் தலை இல்லை, போல்ட்டுன்னா பாருங்க.

எனக்கு ஒரு சந்தேகம். 14.15 நட்டுக்கு 15 போட்டா 0.85தானே ஆடுது. ஊர்ல எல்லாரும் அப்படித்தானே கழட்டுறோம்? இதுக்குப் போய் தனியா ஒரு ஸ்பேனர் வாங்கணுமா?

ரெண்டாம் ஷிப்ட் எழுதியது:

ஆட்டத்தை எம்.எம்.ல பார்க்காதீங்க, திரும்புற கோணத்துல பாருங்க. ராத்திரி ஷிப்ட்ல கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14.1 பட்டை உள்ள நட்டுல 15 ஓப்பன் ஸ்பேனரை மாட்டினா நட்டைத் தொட்டுப் பிடிக்கிறதுக்கு முன்னாடி சுமார் 7 டிகிரி சும்மா திரும்பும். 20 செ.மீ. ஸ்பேனர்னா கைப்பிடி நுனி ரெண்டரை செ.மீ. நகரும். சரியான 9/16ல அது 2 டிகிரிக்குள்ளேதான். நுனியில ஒரு அரை செ.மீ. சொச்சம்.

அந்த 7 டிகிரி திரும்பினப்புறம் ஸ்பேனர் எங்க பிடிக்குது? பட்டையில இல்லை, முனையில. மொத்த பலமும் ஒரு கோடு மாதிரி முனையில இறங்குது. இறுகின பழைய நட்டுன்னா முதல்ல நசுங்குறது அந்த முனைதான். லேசா இறுகினதுன்னா வந்துரும், நீங்க "எல்லாரும் கழட்டுறோம்"னு சொல்றது அதுதான்.

புல்லட் பித்தன் எழுதியது:

என் மூணு நட்டும் அந்த வகையிலதான் போச்சு. 13.3ல 14.

பழைய பிட்டர் எழுதியது:

அவசரத்துக்கு ஒரு கைவேலை சொல்றேன்ங்க. ஆக்சா பிளேடு துண்டு ஒண்ணு எடுத்துக்கோங்க, பல்லைக் கிரைண்டர்ல தேய்ச்சுருங்க. கனம் அரை எம்.எம்.முக்குச் சொச்சம் இருக்கும். 15 ஸ்பேனர் வாய்க்கும் நட்டோட ஒரு பட்டைக்கும் நடுவுல அதைச் சொருகுனா வாய் 14.4 ஆயிரும். கரிசல்காடு தம்பி நட்டுக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி. மில்லுல ராத்திரி ஸ்டோர் பூட்டிக் கெடந்தா இப்படித்தான் ஓட்டுவோம். ஓப்பன் ஸ்பேனர்லதான் இது நடக்கும், ரிங்குல சொருக முடியாது.

ஆனா அந்த 13.8 மழுங்கின நட்டுக்கு இது வேண்டாம். அதுக்கு 9/16 ரிங், அதுலயும் பன்னெண்டு முனை இல்லாம ஆறு முனை ரிங் இல்லைன்னா பாக்ஸ் தேடுங்க. ஆறு முனை ரிங் பட்டையில படும். பன்னெண்டு முனை ரிங் முனை ஓரத்தைத்தான் தொடும், அங்கதான் உங்களுக்கு இரும்பே மிச்சம் இல்லியே.

நூல்கணக்கு எழுதியது:

இதுக்கு ஏன் இவ்வளவு? 14 ஸ்பேனரை ஒண்ணு எடுத்து, வாயை அரத்தால ரெண்டு இழுப்பு இழுத்தா 14.3 ஆயிரும். எங்க ஊர்ல பாதி மெக்கானிக் பெட்டியில அப்படித்தான் இருக்கும்.

ரெண்டாம் ஷிப்ட் எழுதியது:

அரத்தால இழுத்தா ரெண்டு தாடையும் இணையா இருக்காது சார். மேல பூசின குரோமும் போயிரும், அதுக்குள்ள துரு பிடிக்கும். மேல இருக்கிற கெட்டியான தோலும் போச்சுன்னா வாய் விரிஞ்சுரும்.

பழைய பிட்டர் எழுதியது:

தோல் கதை அப்படி இல்லீங்க. நல்ல ஸ்பேனர் உள்ள வரைக்கும் ஒரே கெட்டியாத்தான் இருக்கும், மேல மட்டும் கெட்டி பண்றதில்லை. அதனாலதான் சாதா அரம் அதுல லேசுல கடிக்காது, கிரைண்டர்ல தேய்ச்சா வேலை சீக்கிரம் ஆகும். கிரைண்டர்ல சூடேறி நீலம் பாரிச்சா அந்த இடம் இளகிரும். அதுதான் பயம். பொறுமையா தண்ணியில முக்கி முக்கித் தேய்ச்ச 14 ஒண்ணு என்கிட்ட இருக்குது, இருவது வருஷமா ஓடுது.

ரெண்டாம் ஷிப்ட் எழுதியது:

எங்க ஆலையில அப்படி ஒண்ணு கையில பார்த்தாங்கன்னா பிடுங்கிக் குப்பையில போடுவாங்க. நான் இதுல மாறமாட்டேன் ஐயா.

ட்ரெட்மில் வாங்கியவள் எழுதியது:

ஸ்கேல் வச்சு அளந்தேன். சின்னது 10, பெரிசு 13. வாங்கி மாட்டியாச்சு, ஓடுது. ஆனா சீட்டுல 6ன்னு போட்டிருக்கிற ஆறு போல்ட்டுல ரெண்டுக்கு வெளியில தலையே இல்லை, நடுவுல ஆறு முனைப் பள்ளம்தான். அதுக்கு எது?

ரெண்டுசக்கரம் எழுதியது:

அது ஆலன் போல்ட்டுக்கா. தலை உருளையா இருந்தா எம்6க்கு 5 எம்.எம். ஆலன் கீ. தலை குமிழ் மாதிரி வட்டமா இருந்தா 4.

கரிசல்காடு எழுதியது:

நாலு நாள் கழிச்சு வர்றேன். டவுன்ல மூணு கடை ஏறி இறங்கி, நாலாவது கடையில 9/16, 1/2 ரெண்டு தலையும் உள்ள ரிங் ஸ்பேனர் கிடைச்சுது. கடைக்காரர் 14-15 ஒண்ணை எடுத்துக் குடுத்து "ரெண்டும் ஒண்ணுதான்"னாரு. வெர்னியரை பாக்கெட்ல கொண்டு போயிருந்தேன், வாயை அளந்தே வாங்கினேன். 14.35.

நாலு நட்டு வெண்ணெய் மாதிரி வந்துட்டு, அந்த மழுங்கினது உட்பட. அஞ்சாவதுதான் விவகாரம். அதுக்கு 9/16 நுழையல. பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தா 16.9. 17 ஸ்பேனர் போட்டேன், பாதி சுத்துலயே லூசா வந்துட்டு. கழட்டிப் பார்த்தா எம்10 நட்டு! யாரோ ஒரு புண்ணியவான் என் கூட்டாளி மாதிரியே ஏத்தியிருக்கான். அதுவும் ஒன்றரை எம்.எம். மரை. ரெண்டு மரைதான் பிடிச்சு இருந்திருக்கு. ஆயில் கசிஞ்சது விழுந்த நட்டால மட்டும் இல்ல போலிருக்கு.

அந்த ஸ்டட்டோட நுனி மரை நசுங்கி இருக்கு. புது 3/8 நட்டு நேரா ஏற மாட்டேங்குது. ஸ்டட்டையே மாத்தணுமா, மரையை ஓட்டி எடுத்துரலாமா?

பழைய பிட்டர் எழுதியது:

எத்தனை மரை நசுங்கி இருக்குதுன்னு எண்ணிச் சொல்லுங்க தம்பி. நுனியில ரெண்டுன்னா 3/8 யு.என்.எஃப். டை நட்டு ஒண்ணு வாங்கி, உள்பக்கம் நல்ல மரை வரைக்கும் ஆயில் விட்டு மெல்ல ஓட்டலாம். டை நட்டுலயும் 24ன்னு அடிச்சிருக்கான்னு பார்த்து வாங்குங்க. 16ன்னு இருந்தா அது யு.என்.சி.ங்கிற பெருமரை, அதே விட்டம்தான், கெடுத்துரும். நட்டு கடைசியா உக்கார்ற இடத்துலயே மரை போயிருந்தா ஸ்டட்டை மாத்துறதைத் தவிர வழியில்லீங்க.

நூல்கணக்கு எழுதியது:

தம்பி, ஸ்டட் வேணும்னா 3 நூல்னு மட்டும் கேட்றாதீங்க. நானே இப்பல்லாம் வர்றவங்ககிட்ட "என்ன மரை"ன்னு கேட்டுட்டுத்தான் குடுக்கிறேன்.

கரிசல்காடு எழுதியது:

எண்ணினேன். பூஜ்யத்துல ஆரம்பிச்சுத்தான். நுனியில மூணு மரை நசுங்கல், அதுக்குக் கீழ சுத்தம். டை நட்டு தேடப் போறேன்.

புல்லட் பித்தன் எழுதியது:

போற வழியில பழைய இரும்புக் கடை இருந்தா கால் டபிள்யூ ஒண்ணு கண்ணுல படுதான்னு பாருங்க அண்ணாச்சி. காசு அனுப்பிடறேன்.